மத்தி கார்டின் சாட்சி

குவாதா மினோரு முப்பத்தெட்டு வருடம் ஒசாகாவில் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகியும், வண்டியை எடுக்குமுன் விரல் நீட்டிச் சரிபார்த்துச் சொல்கிற அந்தப் பழக்கம் விரலை விட்டுப் போகவில்லை. மேஜையில் கவிழ்த்து வைத்த அடுக்கிலிருந்து ஒரு கார்டை எடுப்பதற்குள் ஆள்காட்டி விரலை நீட்டி, "வலது சரி, இடது சரி" என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் பொறுமையிழந்து பல்லைக் கடித்தால், "பின்னாலும் சரி" என்று கூடுதலாக ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்.

நிப்போன்பாஷி கடைத்தெருவில் மூன்றாம் மாடியில் இருக்கிற ஷிராகியின் விளையாட்டுக் கார்டு கடையில் இதைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் பழகிவிட்டது. பழகாத ஒரே ஆள் பல் டாக்டர் இனோகுச்சி. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு நடக்கும் 'முதல் பதிப்பு' ஆட்டத்தில் அவர் தொடர்ந்து மூன்று மாதம் குவாதாவிடம் தோற்றிருந்தார். மற்ற நாளில் அவ்வளவு தங்கமான மனிதர், இரண்டாவது ஞாயிறு வந்தால் மட்டும் முகம் ஒரு சாண் நீண்டுவிடும்.

அன்றைக்கும் அரையிறுதியில் இருவருக்கும்தான் ஜோடி விழுந்தது. நடுவர் தெராவோகா யசுஹோ அதைச் சுவரில் ஒட்டிய தாளில் எழுதிவிட்டுத் திரும்பியபோது, இனோகுச்சி காபி கப்பை வாயருகே வைத்தபடி குடிக்காமல் நின்றுகொண்டிருந்தார். இன்று மாலை சுலபமாக முடியாது என்று யசுஹோவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

யசுஹோ வார நாட்களில் அந்தக் கடையில் கார்டு வாங்கும் கவுன்டரில் உட்காருபவள். யார் எதைக் கொண்டுவந்து விற்றாலும் அது நிஜமா போலியா என்று பார்ப்பது அவள் வேலை. பார்த்து, நிஜம் என்றால் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கரில் தன் குடும்பப் பெயர் செதுக்கிய சிவப்பு முத்திரையைக் குத்தி, கார்டை வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவின் மூலையில் ஒட்டுவாள். பதினொரு வருடமாக ஒட்டுகிறாள். அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தால் இந்தத் தெருவில் வேறு கேள்வி கேட்கமாட்டார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதை அவள் மறைக்க நினைத்ததுமில்லை.

'கடல் அரசர்கள்' என்ற அந்த விளையாட்டின் கார்டுகள் இரண்டு முறை வந்தன. முதல் பதிப்பு தொண்ணூற்றெட்டில். ஆறு வருடம் கழித்து மறுபதிப்பு. முன்பக்கம் இரண்டிலும் ஒரே படம், ஒரே எழுத்து. பின்பக்கத்தில் மட்டும், மறுபதிப்பில் அலையைச் சுற்றி ஒரு வெள்ளை வரி ஓடும். இரண்டாவது ஞாயிறு ஆட்டத்துக்கு முதல் பதிப்பு கார்டுகள் மட்டும்தான் வரலாம். அதனால் அரையிறுதிக்கு முன்னால் நான்கு பேரும் தங்கள் கட்டிலுள்ள நாற்பது கார்டுகளையும் உறையிலிருந்து உருவி, பின்பக்கத்தைக் காட்ட வேண்டும்.

அப்படி உருவிக் காட்டும்போதுதான் வம்பு ஆரம்பித்தது.

குவாதாவின் கட்டிலேயே பெரிய கார்டு 'ஊமைத் திமிங்கிலம்'. முதல் பதிப்பில் அது கிடைப்பது குதிரைக்கொம்பு. இனோகுச்சியிடமும் ஒன்று உண்டு. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்று யாரும் சொல்லமாட்டார்கள். குவாதாவினுடையது மூலைகள் வெளுத்து, ஓரம் பஞ்சாகி, பல வருடம் சீருடைப் பையில் பயணச்சீட்டுகளோடு கிடந்து தேய்ந்தது. டாக்டருடையது பிளாஸ்டிக் டப்பாவில் வாழ்வது. ஆட்டத்துக்கு மட்டும் வெளியே வந்து, முடிந்ததும் டப்பாவுக்குத் திரும்பிவிடும். டப்பாவின் மூலையில் யசுஹோவின் சிவப்பு வட்டம்.

டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குவாதாவின் திமிங்கிலத்தைச் சோதிக்க வேண்டும் என்று முறைப்படி கேட்டார். தொட்டால் வழுக்குகிறது, தடிமன் போதவில்லை, தனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றார். கேட்பது ஆட்டக்காரரின் உரிமை. யசுஹோ மறுக்க முடியாது.

"சந்தேகப்படுங்க டாக்டர், நல்லாப் படுங்க," என்றார் குவாதா. "மூணு தடவை தோத்தவருக்கு அந்த உரிமையாவது வேணும்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

யசுஹோவுக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரில் தொங்கும் பலகையில் போலி கார்டு வைத்து ஆடியவர்களின் பெயர் இருக்கும். பெயர் ஏறினால் ஒரு வருடம் இந்தக் கடைப் படி ஏறக்கூடாது. குவாதாவின் மனைவி மகளோடு நகோயாவில் இருக்கிறாள், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள. இந்த மனிதருக்கு வாரம் முழுக்க இருப்பது இந்தக் கடைதான். மதியம் ஆக்டோபஸ் துண்டு வைத்துச் சுட்ட தகோயாகி உருண்டைப் பொட்டலத்தோடு வருவார், எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்று என்று நீட்டுவார், கடைசியில் அவருக்கு ஒன்றுதான் மிஞ்சும். ஒரு வருடம் வராதே என்று சொன்னால் அவர் எங்கே போய் உட்காருவார் என்று யசுஹோ யோசித்துப் பார்த்தாள். யோசித்திருக்க வேண்டாம் என்று பட்டது.

முதலில் லென்ஸ். கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்து, கார்டை அதற்குக் கீழே கொண்டுவந்தாள். ஆஃப்செட்டில் அச்சடித்த நிறம் எப்போதும் புள்ளிகளாகத்தான் இருக்கும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நாலும் கோணம் மாறி விழுந்து, சின்னச் சின்னப் பூப்போல வட்டம் கட்டி நிற்கும். எழுத்து மட்டும் புள்ளியாக இருக்காது, கறுப்புத் தகட்டிலிருந்து ஒரே மையாக, ஓரம் வெட்டினாற்போல் விழும். நிஜ கார்டை ஸ்கேன் செய்து திரும்ப அச்சடிப்பவனுக்கு இங்கேதான் மாட்டும். அவன் அச்சில் எழுத்தும் புள்ளிகளாக உடைந்துவிடும். குவாதாவின் கார்டில் பூ வட்டம் ஒழுங்காக இருந்தது. எழுத்தும் கெட்டியாக இருந்தது. டாக்டருடையதிலும் அப்படியே.

"அச்சு சரியா இருக்கு," என்றாள்.

"வலது சரி," என்றார் குவாதா.

அடுத்தது தொட்டுப் பார்ப்பது. குவாதாவினுடையது தேய்ந்து வழவழத்தது. வயதான கார்டு, தேயத்தான் செய்யும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மூன்றாவது வெளிச்சம். ஷிராகி விளக்குகளில் பாதியை அணைத்தார். யசுஹோ கை டார்ச்சை நிமிர்த்தி மேஜையில் நிறுத்தி, அதன் வாய்மேல் கார்டின் மூலையை வைத்தாள். இரண்டு பதிப்பிலும் அட்டைக்கு நடுவே மெல்லிய கரும்பசை அடுக்கு ஒன்று உண்டு. வெளிச்சத்தை முக்கால்வாசி அதுவே விழுங்கிவிடும். சாதாரண அட்டையில் அடித்த போலியில் அது கிடையாது, வெளிச்சம் அள்ளிக்கொண்டு வரும். எவ்வளவு வந்தால் அதிகம் என்று தெரிய, பக்கத்தில் நிஜமான கார்டு ஒன்று வேண்டும். யசுஹோ கையருகே கிடந்த டாக்டரின் திமிங்கிலத்தை எடுத்தாள். அதே கார்டு, அதே படம், அவளே பார்த்து முத்திரை குத்தியது. இதைவிட நல்ல அளவுகோல் வேறு எங்கே கிடைக்கும்.

டாக்டரின் கார்டு கிட்டத்தட்ட இருட்டாகவே இருந்தது. குவாதாவின் மூலையில் செம்மஞ்சளாக ஒரு வெளிச்சம் எழுந்தது.

யசுஹோ இடம் மாற்றி வைத்தாள். மறுபடியும் அதுவேதான். மூன்றாம் தரமும் அதுவே.

சுற்றி நின்றவர்கள் மேஜையை நோக்கி நெருங்கி வந்தார்கள்.

"அப்ப இது நிஜம் இல்லையா?" என்று கேட்டார் குவாதா. சிரித்த முகம்தான், ஆனால் நீட்டிய விரல் பாதியில் நின்றுவிட்டது. டிப்போவில் இயந்திரத்தில் காசு போட்டு வாங்கிய பாக்கெட்டிலிருந்து தன் கையாலேயே பிரித்தெடுத்ததாக மெதுவாகச் சொன்னார். தொண்ணூற்றெட்டு, அக்டோபர், பதின்மூன்றாம் எண் வண்டி, மழை. எல்லாம் ஞாபகமிருக்கிறது, சாட்சிதான் இல்லை. "பாக்கெட்டுக்குள்ளயே போலியா வெச்சு வித்தானுங்களோ," என்று சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

டாக்டருக்கே சங்கடமாகிவிட்டது. கேட்டது அவர்தான், ஆனால் இப்படி ஆகும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். தோற்ற எரிச்சலில் வாய்விட்டது இவ்வளவு தூரம் வந்துவிட்டதே என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

யசுஹோ குவாதாவின் கட்டை அவரிடம் திருப்பிக் கொடுப்பதற்காக ஒன்றாக அடுக்கினாள். பலகையில் பெயரை எழுத வேண்டும், அதற்கு முன் கையை எதிலாவது ஈடுபடுத்தினால் தேவலை. அடுக்கும்போது மேலாக இருந்த ஒரு கார்டு நழுவி, இன்னும் எரிந்துகொண்டிருந்த டார்ச்சின் மேலேயே விழுந்தது.

அது 'மத்தி'. முதல் பதிப்பிலேயே மட்டமான கார்டு. பாக்கெட்டுக்கு இரண்டு வரும். கடை வாசலில் ஒரு தட்டில் குவித்து, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்திருப்பார் ஷிராகி. அப்போதும் யாரும் எடுக்கமாட்டார்கள்.

மத்தியின் மூலையிலும் செம்மஞ்சள் வெளிச்சம் எழுந்தது.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். அவர் கண் விரிந்தது. "கட்டு மொத்தமுமா?" என்றார், பாதிக் குரலில்.

யசுஹோவுக்கும் ஒரு கணம் அப்படித்தான் ஓடியது. நாற்பதும் போலி. இந்த மனிதர் ஏழு வருடமாக நம் எல்லோரையும்... அதற்கு அடுத்த கணம் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நடுவர் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"டாக்டர், ஒண்ணு சொல்லுங்க," என்றாள். "தகடு செஞ்சு, மை வாங்கி, அட்டை தேடி, ராத்திரி பகலா உக்காந்து ஒருத்தன் மத்தியைக் கள்ளமா அடிப்பானா?"

டாக்டர் மத்தியை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"தூக்கிப் போடற கார்டு அது," என்றார் குவாதா. "நானே தூக்கிப் போட்டிருப்பேன், கட்டுல ஒண்ணு குறைஞ்சுதேன்னு வெச்சேன்."

அதுதான் விஷயம். யாரும் போலி செய்யாத கார்டு எதுவோ, அதைவிட நம்பகமான கார்டு இந்த உலகத்தில் இல்லை. ஒரே பதிப்பின் எல்லா கார்டும் ஒரே அட்டையில்தான் அடிக்கப்படும், திமிங்கிலத்துக்கு என்று தனி அட்டை கிடையாது. அரிய கார்டைச் சோதிக்க அதே அரிய கார்டு வேண்டும் என்பதில்லை, வேண்டாத மத்தி போதும். பதினொரு வருடமாக அவளுக்குத் தெரிந்த பாடம் இது. இன்றைக்கு மட்டும் தன் முத்திரையைப் பார்த்ததும் மறந்துபோனாள்.

கையை நீட்டி டாக்டரின் கட்டை வாங்கினாள். அவரிடமும் மத்தி இருந்தது, இரண்டு. சுற்றி நின்றவர்களில் நாலு பேர் ஆளுக்கொரு மட்டக் கார்டை நீட்டினார்கள். எல்லா கார்டுக்கும் ஓரத்தில் ஒரே வெளிர்மஞ்சள் சட்டம் ஓடும். படத்தின் மை குறுக்கே வராமல் இருக்க, அந்தச் சட்டத்தின் மூலையை மட்டும் ஒவ்வொன்றாக டார்ச்சின்மேல் வைத்தாள். குவாதாவின் மத்தி, டாக்டரின் மத்தி இரண்டு, ஒரு நண்டு, ஒரு கடற்பாசி, இன்னொரு மத்தி. எல்லாம் ஒரே அளவு செம்மஞ்சள். குவாதாவின் திமிங்கிலமும் அதே.

இருட்டாக நின்றது டாக்டரின் திமிங்கிலம் ஒன்றுதான்.

சோதனை முழுக்கச் சரியாகத்தான் நடந்தது. எதை நிஜம் என்று வைத்து எதைப் பார்த்தோம் என்பதில்தான் கோளாறு. இரண்டு கார்டு ஒத்துப்போகவில்லை என்றால் ஒன்று போலி என்று மட்டும்தான் தெரியும், எது என்று தெரியாது. மூலை வெளுத்த கார்டு ஒரு பக்கம், டப்பாவில் பளபளக்கிற கார்டு இன்னொரு பக்கம் இருந்தால் கண் தானாக ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

யசுஹோ டாக்டரின் திமிங்கிலத்தை எடுத்து, இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு தொட்டாள். முன்பக்கம் பளிங்காக வழுக்கியது. பின்பக்கம் விரலில் லேசாகச் சுரசுரத்தது. ஒரே அட்டைக்கு இரண்டு தோல் இருக்காது. முன்பக்கம் மறுபதிப்பு, பின்பக்கம் பழையது. அவளுக்கு விளங்கிவிட்டது.

இந்த நேரத்தில் ஷிராகி பின்னாலிருந்து வந்து, அவள் காதருகே மெதுவாகப் பேசினார். நல்ல மனிதர், கடையை நடத்த வேண்டும் என்ற கவலை மட்டும் கொஞ்சம் அதிகம். இரண்டு திமிங்கிலத்தையும் எடுத்துவிட்டு, இரண்டுமே சந்தேகம் என்று சொல்லி ஆட்டத்தை நடத்திவிடலாம், டப்பாவை அப்புறம் உள்ளே வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்றார். யார் பெயரும் பலகையில் ஏறாது. யாருக்கும் வருத்தமில்லை.

யசுஹோ யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். நிச்சயம் யோசித்தாள். டப்பாவின் மூலையில் அவள் பெயர் சிவப்பாக இருந்தது. குவாதா அவளைப் பார்க்கவில்லை. அவர் மத்தி கார்டைக் கையில் வைத்து, இத்தனை நாள் இவனை மதிக்காமல் இருந்துவிட்டோமே என்பதுபோல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டுமே சந்தேகம் என்றால் அந்தச் சந்தேகம் அவர் தலைமேல் சாகும்வரை இருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் யாராவது ஒருவர் அவர் கட்டைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்ப்பார்.

"டாக்டர், உங்க லென்ஸ் கண்ணாடி பையில இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. பல் பார்க்கும்போது மாட்டிக்கொள்கிற, நெற்றியில் விளக்கு வைத்த கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமையும் அதை அவர் பையில்தான் வைத்திருப்பார். இதற்காகவும் பலமுறை கிண்டல் வாங்கியிருக்கிறார். மாட்டிக்கொண்டு குனிந்தார். யசுஹோ முதலில் குவாதாவின் கார்டை ஓரம் மேலே வருமாறு நிமிர்த்திப் பிடித்தாள்.

"வெள்ளை, நடுவுல ஒரு கறுப்புக் கோடு, மறுபடி வெள்ளை," என்று படித்தார் டாக்டர், நோயாளியின் பல்லை நர்ஸிடம் சொல்கிற குரலில்.

பிறகு அவருடைய சொந்தத் திமிங்கிலம்.

டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்து இன்னும் குனிந்தார். "ரெண்டு கோடு," என்றார் கடைசியில். "நடுவுல ஏதோ மஞ்சளா." பிறகு, எல்லாம் புரிந்துபோன குரலில், "பசை. பல்லுக்கு மேல மூடி ஒட்டுவோமே, அதே கதை. மேல ஒரு ஆள், கீழ ஒரு ஆள்."

யசுஹோ நிமிர்ந்து நின்றாள். இனி எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்ல வேண்டும்.

மலிவான மறுபதிப்புத் திமிங்கிலத்தின் முகத்தை உரித்து, பழைய மட்டக் கார்டு ஒன்றின் முதுகை உரித்து, இரண்டையும் ஒட்டி, ஓரத்தை வெட்டி நேராக்கியிருக்கிறான் எவனோ. முகமும் நிஜம், முதுகும் நிஜம். அதனால்தான் லென்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பாதியிலும் கரும்பசை மிச்சம் இருந்ததால்தான் வெளிச்சம் வரவில்லை. சொல்லிக்கொண்டே டாக்டரின் திமிங்கிலத்தை அவர் கட்டின் நடுவே செருகி, கட்டை நிமிர்த்தி மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினாள். மற்ற முப்பத்தொன்பதும் ஒரே மட்டத்தில் நிற்க, திமிங்கிலம் மட்டும் ஒரு மயிரிழை பள்ளமாக உட்கார்ந்திருந்தது.

"இதை நிஜம்னு சொன்னது நான்தான்," என்றாள். "ரெண்டு வருஷம் முந்தி, வருஷக் கடைசி கூட்டத்துல. டப்பாவைத் திறந்தா மதிப்புப் போயிடும், அப்படியே பாருங்கன்னு கடைக்கு வித்தவர் சொன்னார். நானும் பிளாஸ்டிக்குக்கு மேலயே லென்ஸ் வெச்சுப் பார்த்துட்டு முத்திரை குத்திட்டேன். தொடலை. வெளிச்சத்துல பிடிக்கலை. குவாதா சார் கார்டு சரி. தப்பு என்னோடது."

ஷிராகி கண்ணை மூடிக்கொண்டார்.

பலகையின் விதியில் ஒரு வரி உண்டு, யாரும் இதுவரை பயன்படுத்தியதில்லை. தெரியாமல் போலி வைத்திருந்தவர் பெயர் ஏறாது, நிஜம் என்று சொல்லிக் கொடுத்தவர் பெயர் ஏறும். யசுஹோ மார்க்கரை எடுத்து, பலகைக்குப் போய், 'தெராவோகா யசுஹோ' என்று தன் பெயரைத் தெளிவாக எழுதினாள். எழுதி முடித்ததும் ஏனோ பசித்தது.

"ஒரு வருஷம் கடைப்பக்கம் வரக்கூடாதே," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

"அப்ப கவுன்டர்ல நீ உக்காருவியா?" என்று ஷிராகி அவரிடம் சீறினார். அன்றைக்கு அவர் பேசியதிலேயே உருப்படியான பேச்சு அதுதான். பெயர் இருக்கட்டும், தண்டனையாக இதுவரை அவள் முத்திரை குத்தியதையெல்லாம் திரும்பப் பார்க்கட்டும் என்று கூட்டமே சேர்ந்து தீர்மானித்தது. உடனே ஏழெட்டுப் பேர் பையைத் திறந்து டப்பாக்களை எடுத்து வரிசையில் நின்றார்கள். ஆட்டம் முடியட்டும் என்று அவர்களை விரட்ட வேண்டியிருந்தது.

டாக்டர் மட்டும் தன் திமிங்கிலத்தைக் கையில் வைத்து நின்றார். வருத்தமாக இருப்பார் என்று யசுஹோ அருகே போனாள். அவர் கேட்டது வேறு. பல வருடமாக அவருக்கு ஓர் ஆசையாம். கார்டைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே அடுக்கு தெரியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், யாரும் கிழித்து அவர் பார்த்ததில்லை.

"நீங்களே கிழிங்க, தெராவோகா," என்றார். "எனக்கு மனசு வராது."

யசுஹோ கிழித்தாள். திமிங்கிலம் வாலிலிருந்து தலைவரை இரண்டானது. கிழிந்த இடத்தில் இரண்டு கறுப்புக் கோடும், நடுவே காய்ந்த பசையும் வெறும் கண்ணுக்கே தெரிந்தன. குவாதா எழுந்து வந்து, விரலை நீட்டி, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் காட்டினார். "முகம் சரி. முதுகு சரி. நடுவுலதான் ஆளே வேற." டாக்டருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அன்றைக்கு முதல் தடவையாக, வாய்விட்டு, தன் பல்லெல்லாம் தெரிய. ஒரு பாதியை அவர் பையில் வைத்துக்கொண்டார். இன்னொரு பாதியை யசுஹோ பலகையில் தன் பெயருக்குக் கீழே குத்தினாள்.

திமிங்கிலம் இல்லாமல் கட்டில் ஒரு இடம் காலி. விதிப்படி அந்த இடத்தில் ஏதாவது மட்டக் கார்டு வைத்து ஆடலாம். டாக்டர் வாசல் தட்டிலிருந்து மூன்றாவது மத்தியை எடுத்து வந்தார். மத்தி மூன்று சேர்ந்தால் கூட்டமாக நீந்தும் என்று கார்டிலேயே எழுதியிருக்கிறது. அதுவரை அதை யாரும் வாசித்ததில்லை. குவாதாவின் ஊமைத் திமிங்கிலம் கரைக்கு வந்த எட்டாவது சுற்றில் மூன்று மத்தியும் வந்து சேர்ந்தன, டாக்டர் ஜெயித்தார்.

"மத்திகிட்ட தோத்தேன்," என்று குவாதா அரைமணி நேரம் புலம்பினார். புலம்பிக்கொண்டே எல்லோருக்கும் தகோயாகி நீட்டினார். "போலித் திமிங்கிலமே வெச்சு ஆடியிருக்கலாம் டாக்டர் நீங்க, நான் ஜெயிச்சிருப்பேன்."

எல்லோரும் கிளம்பும் நேரம். யசுஹோ கவுன்டரில் உட்கார்ந்து, யார் யாருடைய டப்பாக்களைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தாள். பட்டியல் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. எதிரே ஒரு நிழல் விழுந்தது. குவாதா தன் திமிங்கிலத்தை உறையிலிருந்து உருவி, கவுன்டரில் அவள் முன்னால் வைத்தார்.

"முத்திரை குத்தித் தாம்மா," என்றார்.

யசுஹோ நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்று பார்த்தாள், முகத்தில் கேலி இல்லை. இந்தத் தெருவில் இன்னும் ஒரு மாதத்துக்காவது யாரும் அந்தச் சிவப்பு வட்டத்தைச் சீந்தமாட்டார்கள் என்றாள். அவர் அதெல்லாம் தனக்குத் தெரியாது என்றார். "வண்டியை ஒரு தடவை இடிச்ச டிரைவர்தான் அதுக்கப்புறம் ரெண்டு கண்ணாடியும் பார்ப்பான். நான் பார்த்திருக்கேன். நானே இடிச்சிருக்கேன்."

முத்திரை மேஜை இழுப்பறையில் இருந்தது. கை அதற்குப் போய், பாதியில் நின்றது.

"மறுபடி பார்த்துட்டுத்தான் குத்துவேன், சார்," என்றாள்.

"அதுக்குத்தானே வந்தேன்," என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

லென்ஸை எடுத்தாள். பூ வட்டம் ஒவ்வொரு மூலையிலும். எழுத்து ஒவ்வொரு வரியிலும். கண்ணை மூடிக்கொண்டு முன்பக்கம் தொட்டாள், பின்பக்கம் தொட்டாள், இரண்டும் ஒரே தேய்மானம். ஓரத்தை நிமிர்த்தினாள், ஒரு கோடு. பிறகு டார்ச்சை எடுத்து நிறுத்தி, வாசல் தட்டுக்குப் போய் ஒரு மத்தியை எடுத்து வந்து, முதலில் மத்தியையும் அதற்குப் பிறகே திமிங்கிலத்தையும் அதன்மேல் வைத்தாள். நாலு நிமிடம் ஆனது. ஒவ்வொன்று முடியும்போதும் குவாதாவின் விரல் மட்டும் மேஜைக்கு மேலே மெல்ல நீண்டது.

யசுஹோ முத்திரையை மையில் தோய்த்தாள்.